பயாஸில் தெரியும் SGX: யாருக்கு அது தேவை?

லினக்ஸ் போட்ட கணினியைத் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றி மறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

```
x86/cpu: SGX disabled by BIOS.
```

புதிய கெர்னல்களில் இதே வரி `SGX disabled or unsupported by BIOS` என்று வரும். பிழைச் செய்திகளின் வரிசையில் அச்சாவதால் ஏதோ பழுது என்று எண்ணத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. புராசசருக்கு ஒரு திறன் இருக்கிறது, கெர்னலுக்கும் அதைப் பயன்படுத்தத் தெரியும், பயாஸ் மட்டும் அதைத் திறந்துவிடவில்லை. இந்த வரி சொல்வது அவ்வளவுதான். அதைத் திறக்க வேண்டுமா என்பதே கேள்வி. பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு என் பதில், வேண்டாம். ஏன் வேண்டாம், யாருக்கு மட்டும் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தத் திறன் யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கமான கணினியில் அதிகாரம் மேலிருந்து கீழே போகிறது. இயங்குதளம் எல்லா மென்பொருள்களின் நினைவகத்தையும் படிக்க முடியும். மெய்நிகர் கணினி என்றால் அதை நடத்தும் ஹைப்பர்வைசர் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் படிக்க முடியும். நிர்வாகி கடவுச்சொல் கையில் உள்ளவரிடமிருந்து எதையும் மறைக்க முடியாது. இன்டெல் 2015-இல் தன் 6ஆம் தலைமுறைப் புராசசர்களில் கொண்டுவந்த SGX இந்த வரிசையைக் குலைத்தது. ஒரு மென்பொருள் தன் நினைவகத்தின் ஒரு சிறு பகுதியை என்கிளேவ் என்று அறிவித்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி ராமில் மறையாக்கம் செய்யப்பட்டே கிடக்கும். புராசசர் சில்லுக்குள் வரும்போது மட்டும் விரியும். இயங்குதளமோ, ஹைப்பர்வைசரோ, பயாஸோ, கணினியின் சொந்தக்காரரோ உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அதன் சாவியை வாடகைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிட்டதைப் போன்ற ஏற்பாடு இது.

இதோடு இன்னொரு வசதியும் சேர்கிறது. புராசசர் தயாரிக்கப்படும்போதே அதனுள் பதிக்கப்பட்ட ரகசியத்திலிருந்து ஒரு சாவி பிறக்கிறது. அதை வைத்து, ‘என்னுள் இப்போது இயங்குவது இந்த நிரல்தான், அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை’ என்று புராசசரே தொலைவில் இருப்பவருக்குச் சான்று கொடுக்க முடியும். அந்தச் சான்றைப் பார்த்த பிறகே தொலைவில் இருப்பவர் தன் ரகசியத்தை அனுப்புவார். தொலைதூரச் சான்றளிப்பு எனப்படும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்கிளேவினால் பெரிய பயன் இல்லை. பூட்டிய அறைக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் எவரும் ரகசியத்தை உள்ளே அனுப்ப மாட்டார்கள்.

ஆக, என்கிளேவ் காப்பது வேறொருவருடைய ரகசியத்தை. அதுவும் கணினி யார் கையில் இருக்கிறதோ அவரிடமிருந்தே. உங்கள் கோப்புகளை வைரஸிடமிருந்து காப்பது இதன் வேலை அன்று. உங்கள் உலாவி, வங்கிப் பக்கம், புகைப்படங்கள் எதுவும் தாமாக என்கிளேவுக்குள் போவதில்லை. அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் மட்டுமே போகும். ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் இயக்கி வைத்தால் கணினி பத்திரமாகிவிடும் என்று நினைப்பது, நான் அடிக்கடி காணும் தவறான புரிதல்.

இனி பயாஸுக்குள் போவோம். சாதாரண மென்பொருளைப் போல இயங்குதளம் கேட்டவுடன் SGX கிடைத்துவிடாது. மறையாக்கம் செய்யப்படும் நினைவகத்தை, இயங்குதளம் எழும் முன்பே பயாஸ் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதும், புராசசருக்குள் இருக்கும் ஒரு பதிவகத்தில் ‘SGX உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுதி அந்தப் பதிவகத்தையே பூட்டிவிடும். அடுத்த மறுதொடக்கம் வரை அதை யாராலும் மாற்ற முடியாது. லினக்ஸ் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் மேலே காட்டிய வரியை அச்சிடுகிறது.

6 முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் கணினிகளில் `SW Guard Extensions` அல்லது `Intel SGX` என்ற பெயரில் இந்த அமைப்பு இருக்கும். பெரும்பாலும் மூன்று தேர்வுகள் தெரியும். `Disabled` என்றால் நினைவகம் ஒதுக்கப்படாது. `Enabled` என்றால் ஒவ்வொரு முறையும் ஒதுக்கப்படும். `Software Controlled` என்பது நடுவில் நிற்கிறது: இப்போதைக்கு மூடியே இருக்கும், ஏதாவது ஒரு மென்பொருள் கேட்டால், பயாஸுக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கப்பட்டு, அடுத்த மறுதொடக்கத்தில் திறக்கப்படும். தயாரிப்பாளர் இந்த நடுத் தேர்வை வைத்து அனுப்பியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்; எந்த மென்பொருளும் கேட்காதவரை அது மூடியதற்குச் சமம்.

அருகிலேயே நினைவக அளவைக் கேட்கும் ஒரு வரி இருக்கலாம்: 32, 64, 128 மெகாபைட். 128-ஐத் தேர்ந்தெடுத்தாலும் அத்தனையும் என்கிளேவுக்குக் கிடைக்காது. லினக்ஸில் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்.

```
$ sudo dmesg | grep -i sgx
sgx: EPC section 0x80200000-0x85f7ffff
```

இந்த இரண்டு முகவரிகளையும் கழித்துப் பார்த்தால் 93.5 மெகாபைட் வரும். மீதி 34.5 மெகாபைட், உள்ளே இருப்பதை யாரும் திருத்தவில்லை என்று சரிபார்க்கும் கணக்குகளை வைத்துக்கொள்ளப் போகிறது. என்கிளேவ் இந்த அளவைத் தாண்டி வளர்ந்தால் பக்கங்களை மறையாக்கம் செய்து சாதாரண ராமுக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்போது வேகம் வெகுவாகக் குறையும். இந்த ஒதுக்கீட்டைத் தவிர, SGX திறந்திருப்பதால் மற்ற மென்பொருள்கள் மெதுவாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அதேபோல் விளையாட்டுகள் வேகமாகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

அதே பக்கத்தில் `Select Owner EPOCH input type` என்று ஒரு வரி தெரிந்தால், அதைத் தொடாமல் விடுங்கள். என்கிளேவ் தன் தரவை வட்டில் பூட்டி வைக்கப் பயன்படுத்தும் சாவியில் இந்த எண்ணும் கலந்திருக்கிறது. `Change to New Random Owner EPOCHs` என்று தேர்ந்தெடுத்துவிட்டால், முன்பு பூட்டிய தரவு எதையும் பிறகு திறக்க முடியாது. கணினியை விற்கும்போது அதுவே வேண்டியதாக இருக்கலாம். சும்மா சோதித்துப் பார்க்க அது ஏற்ற இடமன்று.

வீட்டில் இதைத் திறக்க ஒரே ஒரு உறுதியான காரணம் இருந்தது: 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டு. கணினியில் உரிமம் பெற்ற மென்பொருள் வழியே அந்த வட்டை ஓட்ட, படத்தின் மறையாக்கச் சாவி பார்வையாளர் கையில் சிக்கக் கூடாது என்று திரைப்பட நிறுவனங்கள் விரும்பின. அந்தச் சாவிக்கான அறைதான் என்கிளேவ். மேலே சொன்ன வாடகைக்காரர் இங்கே திரைப்பட நிறுவனம்.

ஒருவரிடம் 8ஆம் தலைமுறை மேசைக் கணினி இருக்கிறது; விண்டோஸில் அந்த வட்டை ஓட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயாஸில் SGX-ஐ `Enabled` ஆக்கி, அளவு கேட்டால் 128-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸின் சாதன மேலாளரில் `Software Guard Extensions` என்ற பெயருடைய சாதனம் இப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்றால் பயாஸ் மாற்றம் பதியவில்லை, அல்லது இன்டெல் தரும் இயக்கி மென்பொருள் நிறுவப்படவில்லை. பிறகு திரையின் கேபிளைப் பார்க்க வேண்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சாவி பயணிக்கும் பாதை புராசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் வழியாகவே போகிறது. எனவே கேபிள் மதர்போர்டின் பின்புறத் துளையில் செருகப்பட்டிருக்க வேண்டும். அந்தத் துளையும் திரையும் HDCP 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். பயாஸில் எல்லாம் சரியாக இருந்தும் வட்டு ஓடாதபோது நான் முதலில் சந்தேகிப்பது இந்தக் கேபிளைத்தான்.

அதே நபர் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து 12ஆம் தலைமுறைக் கணினிக்கு மாறுகிறார். வட்டு ஓடவில்லை. பயாஸில் தேடித் தேடிப் பார்க்கிறார், SGX என்ற சொல்லே இல்லை. பயாஸைப் புதுப்பித்தாலும், மதர்போர்டை மாற்றினாலும் அது வராது. 11ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுப் பயன்பாட்டுக்கான கோர் புராசசர்களில் இன்டெல் SGX-ஐயே நீக்கிவிட்டது. புதிய புராசசரில் மேம்பட்ட எல்லாமும் இருக்கும் என்று நம்பி, வட்டுத் தொகுப்பை மனதில் வைத்துக் கணினி வாங்கியவர்களுக்கு இது உண்மையிலேயே அநியாயம். ஒரு தலைமுறையில் இருந்த வசதி அடுத்த தலைமுறையில் மறைந்துபோனது. இப்படிப்பட்டவர்களுக்குத் தனி புளூ-ரே பிளேயர் வாங்குவதுதான் உறுதியான வழி. இணையவழி 4கே படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் சாவியை கிராஃபிக்ஸ் சில்லே பார்த்துக்கொள்கிறது. SGX இல்லாத கணினிகளிலும் அவை ஓடுகின்றன.

தேவையில்லாதவர்கள் ஏன் மூடியே வைக்க வேண்டும்? என்கிளேவின் பூட்டு பலமுறை உடைக்கப்பட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஃபோர்ஷேடோ தாக்குதல், புராசசர் ஊகத்தில் முன்கூட்டியே செய்யும் கணக்குகளின் தடயங்களைக் கொண்டு என்கிளேவுக்குள் இருப்பதைப் படித்தது. சான்றளிக்கும் சாவியையே அது வெளியே எடுத்துவிட்டது. 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட், புராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை ஒரு கணம் குறைத்து, என்கிளேவுக்குள் நடக்கும் பெருக்கல் கணக்கைப் பிழையாக்கி ரகசியத்தைக் கறந்தது. இன்டெல் அதற்குத் தந்த தீர்வு, மென்பொருள் வழியே மின்னழுத்தத்தை மாற்றும் வசதியைப் பயாஸில் பூட்டுவது. மடிக்கணினியின் சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தை இறக்கிப் பயன்படுத்தியவர்கள், பயாஸைப் புதுப்பித்த பிறகு அந்த வசதி காணாமல் போனதைக் கண்டார்கள். அவர்களில் மிகப் பலர் SGX-ஐ ஒருபோதும் பயன்படுத்தியிராதவர்கள். எவருடைய ரகசியமோ பத்திரமாக இருக்க, கணினியின் சொந்தக்காரர் தன் வசதியை இழந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. என்கிளேவுக்குள் சொந்தக்காரர் பார்க்க முடியாது என்றால், வைரஸ் தடுப்பு மென்பொருளும் பார்க்க முடியாது. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் தீய நிரலையே என்கிளேவுக்குள் ஒளித்து இயக்கிக் காட்டினார்கள். அது வீட்டுக் கணினிகளில் பரவலாக நடக்கும் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. பயன் இல்லாத கதவைத் திறந்து வைக்கக் காரணம் இல்லை என்பதே என் வாதம்.

சர்வரில் நிலைமை தலைகீழ். அங்கே கணினி ஒருவருடையது, தரவு இன்னொருவருடையது. என்கிளேவ் பிறந்ததே அந்த இடத்துக்காகத்தான் என்று சொல்லலாம். சிக்னல் செயலி நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் தொடர்புப் பட்டியலில் யாரெல்லாம் சிக்னலில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, அந்த எண்களை அதன் சர்வரோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்களைத் தானே பார்த்துவிடாமல் இருக்க, ஒப்பிடும் வேலையை SGX என்கிளேவுக்குள் நடத்தும் முறையை சிக்னல் 2017-இல் அறிவித்தது. உங்கள் கைப்பேசி முதலில் சான்றைக் கேட்டு வாங்குகிறது. என்கிளேவில் இயங்குவது வெளியிடப்பட்ட அதே நிரல்தான் என்று உறுதியான பிறகே எண்களை அனுப்புகிறது. கவனியுங்கள், இதற்கு உங்கள் கணினியின் பயாஸில் எதையும் திறக்க வேண்டியதில்லை. SGX தேவைப்படுவது சர்வரில் மட்டும்.

அதனால்தான் ஜியான் வகைச் சர்வர் புராசசர்களில் இன்டெல் இதை நீக்கவில்லை. 2021-இல் வந்த 3ஆம் தலைமுறை ஜியானில், சில வகைகளில் ஒரு புராசசருக்கு 512 ஜிகாபைட் வரை என்கிளேவுக்கு ஒதுக்கலாம். வீட்டுக் கணினியின் 128 மெகாபைட்டோடு ஒப்பிட்டால் நோக்கமே வேறு என்பது புரியும். ஆனால் அங்கே திறப்பது அவ்வளவு எளிதன்று. முழு நினைவக மறையாக்கத்தை முதலில் இயக்க வேண்டும். ஒவ்வொரு புராசசருக்கும் ராம் அட்டைகள் குறைந்தது எட்டு, ஒரே மாதிரி, சமமாகச் செருகப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் SGX வரி மங்கலாகத் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. பயாஸ் பழுதென்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவதற்கு முன் ராம் அட்டைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

சர்வரில் திறந்த பிறகும் ஒரு கட்டம் மீதமிருக்கிறது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் இன்டெல் மைக்ரோகோடைப் புதுப்பிக்கிறது. பழைய பயாஸோடு இருக்கும் சர்வரின் சான்றில் அது காலாவதியானது என்ற குறிப்பு வந்துவிடும். என்கிளேவ் உள்ளூரில் நன்றாக இயங்கும். தொலைவில் இருப்பவர்தான் அதை நம்ப மறுப்பார். ‘நேற்றுவரை வேலை செய்தது, இன்று மறுமுனை ஏற்கவில்லை’ என்ற புகார் வந்தால், நிரலைத் திறந்து பார்க்கும் முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள்.

இன்று புதிதாகத் திட்டமிடுபவர்கள் ஒரு மென்பொருளின் துண்டை மட்டும் என்கிளேவில் வைப்பதைவிட, மெய்நிகர் கணினி முழுவதையும் பூட்டும் முறையையே விரும்புகிறார்கள். நிரலைத் திருத்தி எழுத வேண்டியதில்லை என்பதே காரணம். இன்டெலில் அது TDX, ஏஎம்டியின் எபிக் புராசசர்களில் SEV-SNP. TDX-ஐ மட்டும் திறந்துவிட்டு SGX-ஐ மூடி வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது நடக்காது. TDX-இன் சான்றைக் கையெழுத்திட்டுத் தருவது ஒரு SGX என்கிளேவ்தான். இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

ஏஎம்டி வீட்டுப் புராசசர்களில் SGX என்பதே கிடையாது, தேடவும் வேண்டாம். ரைசன் புரோ கணினிகளில் `TSME` என்ற வரி தெரியலாம். அது வேறு இனம். ராம் முழுவதையும், ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாகும் ஒரு சாவியால் மறையாக்குகிறது. இயங்குதளம் எதையும் செய்ய வேண்டியதில்லை. உறக்க நிலையில் இருக்கும் மடிக்கணினி திருடுபோனால் ராமிலிருந்து சாவிகளைப் பிடுங்க முடியாதபடி அது தடுக்கிறது. இங்கே காக்கப்படுவது சொந்தக்காரரின் ரகசியம். பயணத்தில் மடிக்கணினியை எடுத்துச் செல்பவர் இதைத் திறந்து வைக்கலாம். நினைவக அணுக்கத்தில் வரும் சிறு தாமதத்தைச் சாதாரண வேலையில் உணர மாட்டீர்கள்.

SGX தேவையில்லை என்று படித்துவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் `PTT`, `fTPM`, `Security Device Support` போன்றவற்றையும் சேர்த்து மூடிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவை TPM என்ற வேறு உறுப்பைச் சேர்ந்தவை. விண்டோஸ் 11-க்கு TPM 2.0 வேண்டும், பிட்லாக்கர் வட்டின் சாவியும் வழக்கமாக அதில்தான் இருக்கிறது. அதை மூடினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். சில ஏஎம்டி மதர்போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்ததும் அல்லது புராசசரை மாற்றியதும் இப்படி ஒரு கேள்வி வரும்:

```
New CPU installed, fTPM/PSP NV corrupted or fTPM/PSP NV structure changed.
```

Y அழுத்தினால் fTPM அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். N அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும். மீட்பு எண் கையில் இல்லாமல் Y அழுத்தக் கூடாது. அதனால் பயாஸில் எந்த வரியைத் தொடுவதாக இருந்தாலும், அதற்கு முன் விண்டோஸில் நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை இயக்குங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

வட்டு பூட்டப்பட்டிருந்தால் `Numerical Password` என்பதன் கீழ் அந்த 48 இலக்கங்களும் தெரியும். அவற்றை அந்தக் கணினியில் சேமிக்காமல், காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.